போட்டோவில் வந்த மின்சுற்றுப் படம்: எண்களைப் படிப்பதிலிருந்து மின்னோட்டம் வரை

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் சந்தேகங்கள் வரத் தொடங்கும். பாதிக்கு மேல் மின்சுற்றுப் படங்கள்தான். ஜெராக்ஸ் கடையில் எடுத்த நகலை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதை மடித்துப் பைக்குள் போட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்த போட்டோ. கணக்கு தெரிந்த பிள்ளைகூட இதில் தப்புவிடை எழுதுகிறது. விசாரித்தால் ஓம் விதியில் தப்பு இருக்காது. படத்தைப் படித்ததில் இருக்கும்.

சென்ற வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி அனுப்பிய படத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கூடவே அவள் எழுதியது: "சார், 0.45 ஆம்பியர் வருது. சரியா சார்?"

படம் இப்படி இருந்தது. ஒரு நீள்செவ்வகம், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, ஜன்னல் சட்டம் மாதிரி. இடது ஓரத்தில் மின்கலம், பக்கத்தில் 12V. மேல் கோட்டில் இடப்பக்கம் R1, வலப்பக்கம் R3. நடுவில் மேலிருந்து கீழே இறங்குவது R2. கீழ்க்கோட்டில் வலப்பக்கம் R4, இடப்பக்கம் R5. R5-க்குக் கீழே ஒரு வட்டத்துக்குள் V, அதன் அருகில் 2.4V. கேள்வி: சுற்றின் தொகுபயன் மின்தடை என்ன, மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் என்ன?

முதலில் போட்டோ

இதற்கு அதிக நேரம் வேண்டாம். தாளைச் சமதளத்தில் வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம், வழவழப்பான தாளில் அது ஒரு எண்ணையே வெள்ளையாக்கிவிடும். பக்கத்தில் போய் எடுப்பதைவிட ஒரு முழம் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், முதலில் காணாமல் போவது தசமப் புள்ளிதான். எச்.டி. என்று தேர்ந்தெடுத்தோ, டாக்குமென்ட்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

படம் தலைகீழாக வந்திருந்தால் நேராக்கிய பிறகுதான் படிக்கத் தொடங்க வேண்டும். 6-ஐ 9 என்று படித்துவிட்டு அரைமணி நேரம் போராடியவர்களில் நானும் ஒருவன்.

எழுத்துகளைப் படிப்பது

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் கண்ணுக்குத் தெரிகிறபடியே முதலில் எழுதுங்கள். "இது இதுவாகத்தான் இருக்கும்" என்று திருத்தி எழுதாதீர்கள். திருத்துவதற்கு வேறு நேரம் இருக்கிறது. அந்தப் படத்திலிருந்து நான் எழுதியது இது:

```
12V
R1 4Ω
R2 12Ω
R3 100
R414Ω
R5 3Ω அல்லது 8Ω
V = 2.4V
```

இதில் மூன்று இடம் இடிக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வகை இடி.

முதலாவது, R3-க்குப் பக்கத்தில் இருக்கும் 100. இது நிஜமாகவே நூறா, அல்லது பத்து ஓமா? கையால் எழுதும்போது Ω குறியின் கீழே இருக்கும் இரண்டு கால்களையும் பலர் சேர்த்துவிடுகிறார்கள். நகல் எடுத்து எடுத்து மை பரவினால் மிச்ச இடைவெளியும் அடைபட்டு அது பூஜ்யமாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மற்ற எல்லா எண்ணுக்கும் பின்னால் Ω இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. எழுதியவர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அலகை மறந்திருப்பாரா? மறந்திருக்கலாம்தான், ஆனால் கடைசி பூஜ்யம்தான் அந்த அலகு என்பதற்கே வாய்ப்பு அதிகம். பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி வட்டத்தின் அடிப்பகுதி முன் வட்டத்தைவிடத் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஆனாலும் இப்போதைக்கு முடிவு கட்ட வேண்டாம். "10 அல்லது 100" என்று எழுதி வைப்போம்.

இரண்டாவது, R414Ω. கீழொட்டு எண்ணாகச் சின்னதாக இருக்க வேண்டிய 4, போட்டோவில் மற்ற எண்களின் அளவுக்கே தெரிகிறது. இதை R41 என்ற ரெசிஸ்டரின் மதிப்பு 4Ω என்றும் படிக்கலாம், R4-இன் மதிப்பு 14Ω என்றும் படிக்கலாம். பெயர் வேறு, மதிப்பு வேறு என்பது நினைவில் இருந்தால் இது தானாக அவிழும். படத்தில் மொத்தம் ஐந்து ரெசிஸ்டர்கள், R1, R2, R3, R5 கிடைத்துவிட்டன, மிச்சம் R4. அப்படியானால் மதிப்பு 14Ω. இதை நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 3 அல்லது 8. தாளின் மடிப்பு சரியாக அந்த எண்ணின் மேலேயே போகிறது. கண்ணை நம்பி எதுவும் சொல்ல முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

தசமப் புள்ளியையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். 2.4V-இல் புள்ளி மங்கலாக இருந்தது. 24V ஆக இருக்குமோ? இருக்காது. சுற்றில் இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட் மூலம். மற்றதெல்லாம் ரெசிஸ்டர் என்றால், எந்த இரண்டு இடத்துக்கு நடுவிலும் 12 வோல்ட்டுக்கு மேல் வரவே வராது. அதனால் புள்ளி இருந்தே தீர வேண்டும்.

இந்தப் புள்ளித் தொல்லை மின்னணு வேலை செய்கிறவர்களுக்கும் உண்டு. அதனால்தான் அவர்களின் படங்களில் 4.7Ω என்பதை 4R7 என்றும், 2.2 கிலோ ஓமை 2k2 என்றும் எழுதுகிறார்கள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தே உட்கார்ந்துகொள்வதால் எத்தனை நகல் எடுத்தாலும் அது அழியாது. அப்படிப்பட்ட படம் கையில் வந்தால் R-ஐ ரெசிஸ்டரின் பெயர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கம்பியைத் தடவிப் போவது

மாணவி எங்கே சறுக்கினாள் என்று கேட்டேன். "R4-உம் R5-உம் ஒரே லைன்ல இருக்கு சார், அதனால தொடர் இணைப்பு. R2-உம் R3-உம் ஒரே இடத்துலேர்ந்து கிளம்புது, அதனால பக்க இணைப்பு" என்றாள். R3-ஐப் பத்து என்றும், R5-ஐ மூன்று என்றும் அவள் சரியாகவே படித்திருந்தாள். படித்த எண்களை இப்படிச் சேர்த்தால் 12-க்கும் 10-க்கும் பக்க இணைப்பில் 5.45 ஓம், அதோடு 4, 14, 3 கூட்டினால் 26.45 ஓம், 12-ஐ அதால் வகுத்தால் 0.45 ஆம்பியர். கூட்டல், வகுத்தல் எல்லாம் சுத்தம். இணைப்புதான் தப்பு.

ஒரே கோட்டில் வரைந்திருப்பது தொடரிணைப்பு ஆகாது. தாளில் இருக்கும் வடிவம் வரைந்தவரின் வசதி. இரண்டு ரெசிஸ்டருக்கு நடுவில் உள்ள கம்பியில் வேறு எதுவும் கிளை பிரியவில்லை என்றால் மட்டுமே அது தொடரிணைப்பு. அதேபோல, ஒரு முனை பொதுவாக இருந்தால் போதாது. இரண்டு முனையும் பொதுவாக இருந்தால்தான் பக்க இணைப்பு.

இதைப் பார்த்துச் சொல்வதைவிட, விரலால் தடவிச் சொல்வது நிச்சயம். போட்டோவை அச்செடுக்க முடியாவிட்டால் போன் திரையிலேயே கலர் பேனாவால் வரையலாம். மின்கலத்தின் நேர்முனையில், அதாவது நீளமான கோட்டில், தொடங்குங்கள். ஏதாவது ஒரு ரெசிஸ்டர் வந்து முட்டும்வரை அந்தக் கம்பி முழுவதையும் ஒரே நிறத்தில் வரையுங்கள். மூலை திரும்பினாலும், கிளை பிரிந்தாலும் அதே நிறம்தான். ரெசிஸ்டரைத் தாண்டினால் நிறம் மாற்றுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எழுத்து.

நம் படத்தில் மின்கலத்திலிருந்து R1 வரை a. R1-ஐத் தாண்டியதும் கிடைக்கும் கம்பி b. அது R2-இன் மேல் முனையையும் R3-இன் இடது முனையையும் தொடுகிறது. R3-ஐத் தாண்டி வலது மூலை சுற்றி R4 வரை c. R4-ஐத் தாண்டினால் d; இது R2-இன் கீழ் முனையையும், R5-இன் வலது முனையையும் தொடுகிறது. R5-ஐத் தாண்டி மின்கலத்தின் எதிர்முனை வரை e. இப்போது படத்தை மூடிவைத்துவிட்டு, இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்:

```
12 V : a - e
R1   : a - b    4 Ω
R2   : b - d   12 Ω
R3   : b - c   10 அல்லது 100 Ω
R4   : c - d   14 Ω
R5   : d - e    3 அல்லது 8 Ω
V    : d - e    2.4 V
```

பட்டியலே பதில் சொல்கிறது. c என்ற எழுத்து R3, R4 இரண்டில் மட்டும்தான் வருகிறது, வேறு எங்கும் இல்லை. ஆகவே R3-உம் R4-உம் தொடரிணைப்பு. படத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தாலும் அப்படித்தான். d என்ற எழுத்து R2, R4, R5 மூன்றிலும் வருகிறது. ஆகவே R4-இல் ஓடுவது அப்படியே R5-இல் ஓடாது. அந்த இடத்தில் R2-வின் பங்கும் வந்து சேர்கிறது. மாணவி தவறவிட்டது இந்த d-யைத்தான். அசல் தாளில் அங்கே ஒரு கரும்புள்ளி இருந்திருக்கும். நகலில் அது கோட்டோடு கோடாகக் கரைந்துவிட்டது.

புள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பி இன்னொன்றின் மேல் வந்து T மாதிரி நின்றால், புள்ளி தெரியாவிட்டாலும் அது சந்திப்புதான். இல்லையென்றால் அந்தக் கம்பிக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் இரண்டு கம்பிகள் கூட்டல்குறி மாதிரி குறுக்கிட்டால் புள்ளி இருந்தால் மட்டுமே சந்திப்பு. பள்ளிப் புத்தகங்களில் தொடாமல் தாண்டும் கம்பியை ஒரு சின்ன வளைவு போட்டுக் காட்டுவார்கள். மங்கிய போட்டோவில் இந்த வளைவு ஒரு அழுக்குத் திட்டு போலத் தெரியும்.

அளவிகளை என்ன செய்வது

கணக்குப் போடும்போது வோல்ட்மீட்டரை அழித்துவிடுங்கள். அதன் மின்தடை மிக அதிகம், அதன் வழியே ஓடுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அம்மீட்டர் இருந்தால் அதற்குப் பதில் வெறும் கம்பி போடுங்கள். ஆனால் அவற்றின் அருகில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் அழிக்கக் கூடாது. அது நமக்குச் சாட்சி.

மொத்த மின்தடை

உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். மின்கலத்துக்குத் தூரத்தில் இருப்பதை முதலில் சுருக்குங்கள். R3-ஐ இப்போதைக்கு 10 என்றும், R5-ஐ 3 என்றும் வைத்துப் பார்ப்போம்.

R3-உம் R4-உம் தொடர்: 10 + 14 = 24Ω. இந்த 24 இப்போது b-க்கும் d-க்கும் நடுவில் நிற்கிறது. R2-உம் b-க்கும் d-க்கும் நடுவில்தான். இரண்டு முனையும் பொது, ஆகவே பக்க இணைப்பு:

```
Rp = (12 × 24) / (12 + 24) = 288 / 36 = 8 Ω
```

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டு கிளை மட்டும் உள்ள பக்க இணைப்பின் விடை, சின்ன கிளையைவிடக் குறைவாகவும், அதில் பாதிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இங்கே சின்னது 12. ஆகவே விடை 6-க்கும் 12-க்கும் இடையில். 8 பொருந்துகிறது. 1/Rp என்று எழுதிக் கூட்டிவிட்டுக் கடைசியில் தலைகீழாக்க மறந்தவர்களுக்கு 0.125 வரும். 6-க்கும் கீழே எங்கோ கிடக்கிறதே என்று பார்த்த உடனே பிடித்துவிடலாம். 12-ஐயும் 24-ஐயும் கூட்டி 36 என்று எழுதியவர்களும் இதே இடத்தில் மாட்டுவார்கள்.

இனி எல்லாம் ஒரே வரிசை. a-யிலிருந்து b-க்கு 4, b-யிலிருந்து d-க்கு 8, d-யிலிருந்து e-க்கு 3:

```
R = 4 + 8 + 3 = 15 Ω
I = V / R = 12 / 15 = 0.8 A
```

சாட்சியை விசாரிப்பது

இப்போது விட்டுவைத்த சந்தேகங்களைத் தீர்க்கலாம். R5-இன் குறுக்கே வோல்ட்மீட்டர் 2.4 காட்டுகிறது. நம் கணக்குப்படி R5-இல் ஓடுவது மொத்த மின்னோட்டம் 0.8 ஆம்பியர், 0.8 × 3 = 2.4 வோல்ட். பொருந்துகிறது.

ஒருமுறை பொருந்தியதால் மட்டும் நம்பிவிடாமல் மற்ற வாய்ப்புகளையும் ஓட்டிப் பாருங்கள். R3 பத்தாகவும் R5 எட்டாகவும் இருந்தால் மொத்தம் 20Ω, மின்னோட்டம் 0.6 ஆம்பியர், R5-இன் குறுக்கே 4.8 வோல்ட். R3 நூறு, R5 மூன்று என்றால் கிளை 114 ஆகி, பக்க இணைப்பு 10.86, மொத்தம் 17.86Ω, மின்னோட்டம் 0.67, R5-இன் குறுக்கே ஏறக்குறைய 2.0 வோல்ட். நூறும் எட்டும் என்றால் 4.2 வோல்ட். நான்கில் ஒன்றே ஒன்றுதான் 2.4-க்கு வருகிறது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த எண் 3, கால் சேர்ந்துபோன குறி Ω.

மாணவியின் 0.45-ஐயும் இதே சாட்சியிடம் கொண்டுபோனால், 0.45 × 3 = 1.35. என்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். "அந்த 2.4 சும்மா போட்டிருக்காங்கன்னு நினைச்சேன் சார்" என்றாள்.

ஒன்றைக் கவனியுங்கள். R3-ஐ நூறு என்று படித்தால் 0.8-க்குப் பதில் 0.67 வருகிறது. மதிப்பு பத்து மடங்கு தப்பு, விடை ஆறில் ஒரு பங்குதான் தப்பு. பக்க இணைப்பில் பெரிய கிளை எவ்வளவு பெரிதானாலும் சின்ன கிளை அதை மறைத்துவிடும். அதனால் "விடை நியாயமாகத்தானே இருக்கிறது" என்ற எண்ணம் இங்கே உதவாது. தொடரிணைப்பில் இருக்கும் எண் தப்பானால் விடை பளிச்சென்று மாறும். பக்கக் கிளைக்குள் இருக்கும் எண்ணைத்தான் இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

படத்தில் அளவி எதுவும் இல்லாவிட்டால் சாட்சியும் இல்லை. அப்போது சந்தேகமான எண்ணைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கணக்குப் போட்ட விதம் சரியா என்பதை அப்போதும் சோதிக்கலாம். R1-இன் குறுக்கே 0.8 × 4 = 3.2 வோல்ட், b-க்கும் d-க்கும் இடையே 0.8 × 8 = 6.4 வோல்ட், R5-இல் 2.4, கூட்டினால் 12. அப்புறம் கிளைகள்: R2-இல் 6.4 / 12 = 0.533 ஆம்பியர், R3-R4 கிளையில் 6.4 / 24 = 0.267, கூட்டினால் 0.8. இந்த இரண்டு கூட்டலும் சரிவந்தால் சுருக்கியதில் தப்பில்லை. ஆனால் எண்ணையே தப்பாகப் படித்திருந்தாலும் இவை சரியாகத்தான் வரும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த முறை எங்கே நிற்கும்

R2 இருக்கும் குறுக்குக் கம்பியைப் போல இன்னொரு குறுக்குக் கம்பி c-யிலிருந்து வேறு இடத்துக்குப் போனால், தொடர் என்றும் பக்கம் என்றும் சொல்ல ஒரு ஜோடிகூடக் கிடைக்காமல் போகலாம். வீட்ஸ்டன் சமனச் சுற்று அப்படிப்பட்டது. பட்டியலில் இரண்டு ரெசிஸ்டரில் மட்டும் வந்து வேறு எங்கும் வராத எழுத்தும் இல்லை, ஒரே ஜோடி எழுத்தைப் பகிரும் இரண்டு ரெசிஸ்டரும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கிர்க்காஃப் விதிகள் வேண்டும். பல்பு இருக்கும் படமும் வேறு. 12V 21W என்று எழுதிய வண்டி பல்பு எரியும்போது 12 × 12 / 21, அதாவது ஏறக்குறைய 6.9Ω. அணைந்து குளிர்ந்திருக்கும்போது மீட்டர் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காட்டும்.

மாணவி அடுத்த நாள் வந்து, "இதை நிஜமாவே கட்டிப் பார்க்கலாமா சார்?" என்றாள். பார்க்கலாம், ஆனால் இரண்டு சிக்கல். 4Ω, 14Ω என்ற மதிப்புகள் கணக்குப் புத்தகத்துக்காகப் பிறந்தவை; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22 என்று போகும். 14 கேட்டால் 15-தான் கொடுப்பார்கள். போட்டோ நிஜமான பலகையின் படமாக இருந்து அதில் 14 என்று தெரிந்தால், மறுபடி ஒருமுறை உற்றுப் பாருங்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். இரண்டாவது சூடு. R1-இல் 0.8 × 0.8 × 4 = 2.56 வாட் போகிறது, R2-இல் 3.4 வாட். கடையில் ரூபாய்க்குச் சில்லறையாகக் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் புகைந்துவிடும். ஐந்து வாட் செராமிக் ரெசிஸ்டர் வாங்கு, அதிலும் கையை வைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.